2,394 ரூபாய் வித்தியாசத்துக்குள் என்ன இருந்தது: சங்கத்தின் வங்கிக் கணக்கை ரசீது, வவுச்சரோடு சரிகட்டும் முறை

24 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மாதப் பராமரிப்புக் கட்டணம் வீட்டுக்கு 3,500 ரூபாய். 2025 மார்ச் 31 அன்று சங்கத்தின் கேஷ் புக்கில் வங்கி இருப்பு 2,84,350 ரூபாய் என்று இருந்தது. அதே நாளில் வங்கி ஸ்டேட்மென்டில் 3,20,956 ரூபாய். வித்தியாசம் 36,606.

பொருளாளர் செக் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் புரட்டினார். கொடுத்தும் இன்னும் பாஸாகாத செக்குகள் மூன்று, மொத்தம் 53,000 ரூபாய். வங்கியில் போட்டும் வரவாகாத செக் ஒன்று, 14,000 ரூபாய். ஆக வங்கியில் 39,000 ரூபாய் கூடுதலாக இருக்க வேண்டும், இருப்பதோ 36,606. இடிப்பது 2,394 ரூபாய்தான். "பேங்க் சார்ஜ், அது இதுன்னு இருக்கும் சார். இதரச் செலவுல எழுதிடலாம்" என்றார்.

எழுதியிருந்தால் ஆடிட்டர்கூடக் கேட்டிருக்க மாட்டார், அவ்வளவு சின்னத் தொகை. ஆனால் அந்த 2,394 ஒரே தொகை அல்ல. கேஷ் புக்கில் ஏறாத 9,140 ரூபாய் வரவும், 11,534 ரூபாய் பற்றும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக மிஞ்சியது அது. பணம் கட்டிய ஒரு வீடு பாக்கிப் பட்டியலில் இருந்தது. கட்டாத ஒரு வீடு கட்டியதாக இருந்தது. அதனால்தான் வித்தியாசத்தை மொத்தமாக விளக்க முயலக்கூடாது. வரி வரியாகப் போக வேண்டும். எப்படிப் போவது என்பதை இந்தக் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

முதலில் மேசைக்கு வர வேண்டியவை

2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான ஸ்டேட்மென்ட் மட்டும் போதாது. ஏப்ரல் கடைசி வரைக்கும் சேர்த்து எடுங்கள். மார்ச்சில் பாஸாகாத செக் உண்மையிலேயே கொடுக்கப்பட்டதுதானா என்பதற்கு அடுத்த மாத ஸ்டேட்மென்டே சாட்சி. பாஸ்புக்கை நம்பி உட்கார வேண்டாம். நெடுநாள் பதியாமல் விட்ட பாஸ்புக்கில் சில வங்கிகள் பழைய பதிவுகளைச் சேர்த்து ஒரே வரியாக அச்சிட்டுவிடும், அதை வைத்து எதையும் டிக் அடிக்க முடியாது.

சங்கத்தின் பெயரில் உள்ள எல்லாக் கணக்கும் வேண்டும். பில்டரிடமிருந்து கைமாறியபோது திறந்து, பிறகு மறந்துபோன கணக்கும் இதில் சேர்த்தி. ரசீதுப் புத்தகங்களில் முடிந்தவை, பாதி எழுதியவை, இன்னும் தொடாதவை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வவுச்சர் கோப்பு, செக் அடிக்கட்டை, பணம் கட்டிய சலான் இவற்றோடு, போன வருடக் கையெழுத்தான கணக்கும் அதனுடன் வைத்த வங்கிச் சரிகட்டும் பட்டியலும் தேவை.

ஸ்டேட்மென்டை நெட் பேங்கிங்கில் இறக்கியிருந்தால், ஆரம்ப இருப்போடு மொத்த வரவைக் கூட்டி, மொத்தப் பற்றைக் கழித்தால் கடைசி இருப்பு வருகிறதா என்று முதலில் பாருங்கள். சில வங்கிகள் மூன்று மாதம், ஆறு மாதம் என்று துண்டு துண்டாகத்தான் தரும். ஒட்டும்போது ஒரு துண்டின் கடைசி நாள் விட்டுப்போவதும் இரண்டு முறை வருவதும் சகஜம். எக்செலில் தொகைகளைக் கூட்டும்போது பூஜ்யம் வந்தால் பயப்பட வேண்டாம். தொகைகள் எண்ணாக இல்லாமல் எழுத்தாக இறங்கியிருக்கும், அதை மாற்றினால் சரியாகிவிடும்.

ஏப்ரல் 1 சரியாக இருக்கிறதா

இந்த வருடக் கேஷ் புக்கின் ஆரம்ப இருப்பு, போன வருடக் கணக்கின் முடிவு இருப்போடு ரூபாய் பைசா மாறாமல் ஒத்துப்போக வேண்டும். பொருளாளர் மாறிய வருடங்களில் இது அடிக்கடி இடிக்கும், புதியவர் வங்கி இருப்பைப் பார்த்து அதையே ஆரம்ப இருப்பாக எழுதிவிடுவார்.

அடுத்து, போன வருடம் பாஸாகாமல் நின்ற செக்குகள் இந்த ஏப்ரலில் ஸ்டேட்மென்டில் வந்து விழுந்திருக்கும். அவற்றைப் போன வருடப் பட்டியலோடு பொருத்தி வேறு நிறப் பேனாவால் டிக் அடித்து ஒதுக்குங்கள். இதைச் செய்யாமல் போனால் அவை வவுச்சர் இல்லாத செலவு போலத் தெரியும். அவசரக்காரர்கள் அவற்றுக்குப் புதிதாக வவுச்சர் போட்டு ஒரே செலவை இரண்டு வருடத்தில் எழுதிவிடுவதும் உண்டு.

ரசீதுப் புத்தகம், அப்புறம்தான் வங்கி

ஸ்டேட்மென்டைத் தொடும் முன் ரசீது எண்களை வரிசையாகப் பாருங்கள். ஒரு எண் விட்டுப்போயிருந்தால் அது எங்கே என்று தெரிய வேண்டும். ரத்தான ரசீது என்றால் வீட்டுக்காரருக்குப் போயிருக்க வேண்டிய மேல் தாளும் புத்தகத்திலேயே இருக்க வேண்டும், குறுக்கே கோடு போட்டு. மேல் தாள் இல்லாத "ரத்து" சந்தேகத்துக்குரியது.

பிறகு ரொக்க ரசீதுகளை மட்டும் மாதவாரியாகக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை அந்த மாதம் வங்கியில் கட்டிய ரொக்கத்தோடு ஒப்பிடுங்கள். வசூலான ரொக்கத்திலிருந்தே துப்புரவுப் பணியாளருக்கும் பிளம்பருக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் வங்கியில் போடும் பழக்கம் பல சங்கங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் வங்கி வரவை எந்த ரசீதோடும் பொருத்த முடியாது. நடந்தது நடந்துவிட்டது என்றால், வசூல் முழுவதையும் ரொக்க வரவாக எழுதி, கொடுத்ததைத் தனித் தனி வவுச்சராகச் செலவில் எழுதி, மிச்சம் வங்கிக்குப் போனதாகக் காட்டுங்கள். வரவு, செலவு இரண்டும் முழுத் தொகையில் தெரிய வேண்டும்.

இங்கே தேதியையும் கவனியுங்கள். ரசீது 3ஆம் தேதி, பணம் வங்கிக்குப் போனது 24ஆம் தேதி என்று ஒரு மாதம் இருந்தால் அது சோம்பல். ஒவ்வொரு மாதமும் அப்படியே இருந்தால், இந்த மாத வசூலைக் கொண்டு போன மாதப் பள்ளத்தை யாரோ நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள் கொள்ள இடமிருக்கிறது. அந்த இடைவெளி தொகையைப் பார்த்தால் தெரியாது, தேதியைப் பார்த்தால்தான் தெரியும்.

வங்கி வரவுகளை ரசீதோடு பொருத்துவது

குடியிருப்போர் சங்கத்தில் சிக்கலே எல்லோரும் ஒரே தொகையைக் கட்டுவதுதான். ஒரு மாதத்தில் இருபது 3,500 வந்தால் எது யாருடையது? தொகையை வைத்துப் பொருத்தினால் எல்லாமே எல்லாவற்றோடும் பொருந்தும். ஆகவே யுபிஐயில் வரும் 12 இலக்கக் குறிப்பு எண்ணை ரசீதிலும் கேஷ் புக்கிலும் எழுதியிருக்க வேண்டும். செக் என்றால் செக் எண்.

எக்செலில் `Book` என்ற தாளில் B பத்தியில் குறிப்பு எண்ணும் C பத்தியில் தொகையும், `Bank` என்ற தாளில் B பத்தியில் ஸ்டேட்மென்டின் விவர வரியும் C பத்தியில் வரவுத் தொகையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். `Book` தாளில் இப்படிப் போடலாம்:

```
=COUNTIFS(Bank!$B:$B,"*"&B2&"*",Bank!$C:$C,C2)
```

1 என்றால் பொருந்தியது. 0 என்றால் வங்கியில் இல்லை. ஒரு எச்சரிக்கை: குறிப்பு எண் எழுதாமல் காலியாக விட்ட வரிசையில் இந்தச் சூத்திரம் அதே தொகையுள்ள எல்லா வரவையும் எண்ணிவிடும், 20 என்றோ 200 என்றோ காட்டும். அந்த வரிசைகளைக் கையால்தான் பார்க்க வேண்டும். பொருந்திய ஒவ்வொரு வங்கி வரியின் பக்கத்திலும் ரசீது எண்ணை எழுதிக்கொண்டே போங்கள். 24 வீடுகளுக்கு வருடத்தில் 300 வரவுக்குள்தான் இருக்கும், இரண்டு சாயங்கால வேலை.

குறிப்பு எண்ணே எழுதும் பழக்கம் இல்லாத இடத்துக்கு ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. வீட்டு எண்ணையும் சேர்த்துக் கட்டச் சொல்வது. 12ஆம் எண் வீடு 3,512 கட்டும், 7ஆம் எண் வீடு 3,507. கூடுதலாக வந்ததை மார்ச் மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். முதலில் சிரிப்பார்கள், பிறகு பழகிவிடும்.

நம் கணக்கில் எல்லாம் பொருத்திய பிறகு வரவுப் பக்கம் ரசீது எண் இல்லாமல் மூன்று வரிகள் நின்றன. ஒன்று சேமிப்புக் கணக்கு வட்டி, வருடம் முழுவதுக்கும் சேர்த்து 2,140. நான்கு காலாண்டு வட்டியை ஒரே வரியாக எண்ணிக்கொள்கிறேன். மற்ற இரண்டும் 3,500, 3,500 என்று ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வந்த யுபிஐ வரவுகள். அனுப்பியவர் பெயர் உறுப்பினர் பட்டியலில் இல்லை.

இந்த மாதிரித் தொகையை "இதர வருமானம்" என்று எழுதுவதுதான் மிகப் பெரிய தப்பு. எழுதினால் வங்கி சரியாகிவிடும், உறுப்பினர் கணக்கு தப்பாகவே இருக்கும். அதே தொகைக்குப் பாக்கி காட்டும் வீடுகளைப் பார்த்தோம். ஒரே ஒரு வீடுதான் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதம் மட்டும் பாக்கி, மார்ச் கட்டியிருந்தது. வீட்டுக்காரர் வெளியூர், வாடகைக்கு இருப்பவர் அந்த இரண்டு மாதமும் தன் தகப்பனார் கணக்கிலிருந்து அனுப்பியிருக்கிறார். போனில் அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டின் குறிப்பு எண்ணும் ஸ்டேட்மென்டின் எண்ணும் ஒத்துப்போன பிறகே ரசீது போட்டோம். ரசீது தேதி ஏப்ரலாக இருந்தாலும் "2025 ஜனவரி, பிப்ரவரி மாதம் வங்கியில் வரவானது" என்று அதில் எழுதி, கேஷ் புக்கில் பணம் வந்த தேதிகளில் ஏற்றினோம். அதுவரை அந்த வீட்டு எண் நோட்டீஸ் பலகையில் பாக்கிதாரராக ஒட்டப்பட்டிருந்தது.

யாருடையது என்று கடைசி வரை தெரியாவிட்டால், "அடையாளம் தெரியாத வரவு" என்று பொறுப்புப் பக்கத்தில் நிறுத்துங்கள், வருமானத்தில் வேண்டாம். அறக்கட்டளைகளுக்கு இது இன்னும் கண்டிப்பு. வரிச்சலுகை ரசீது கொடுக்கும் அறக்கட்டளை 2024-25க்கான நன்கொடையாளர் விவரங்களை 2025 மே 31க்குள் 10பிடி படிவத்தில் தர வேண்டியிருந்தது. பெயர் தெரியாத வரவை அந்தப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? பொருத்தும் வேலையை ஏப்ரலிலேயே முடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பற்றுகளை வவுச்சரோடு பொருத்துவது

ஒவ்வொரு வங்கிப் பற்றுக்கும் ஒரு வவுச்சர், வவுச்சரோடு பில், பில்லில் சங்கத்தின் பெயர். இந்தப் பக்கம் செக் எண் இருப்பதால் வேலை சுலபம். ஆனால் செக் எண் பொருந்தியதும் டிக் அடித்துவிட்டுப் போகக்கூடாது, தொகையையும் படிக்க வேண்டும். நம் கணக்கில் பிளம்பிங் வேலைக்குக் கொடுத்த ஒரு செக் வங்கியில் 4,650, கேஷ் புக்கில் 4,560. வித்தியாசம் 90. இலக்கம் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும், அதனால் கடைசியில் 9, 90, 270 போல ஏதாவது இடித்தால் முதலில் இந்த வகைத் தவறைத் தேடலாம். பில்லும் வவுச்சரும் 4,650 என்றே இருந்தன, எழுதும்போதுதான் மாறியிருக்கிறது.

டிடிஎஸ் பிடித்த பில்களில் வவுச்சர் தொகையும் வங்கித் தொகையும் ஒன்றாக இருக்காது. 50,000 ரூபாய் ஒப்பந்த பில்லில் 2 சதவீதம் பிடித்திருந்தால் செக் 49,000. மீதி 1,000 வரித் துறைக்குத் தனியாகப் போயிருக்க வேண்டும். வவுச்சரை 50,000க்கே வைத்து, இரண்டு வங்கிப் பற்றுகளையும் அதற்கு எதிரே குறியுங்கள்.

வவுச்சர் இல்லாமல் நின்றவை: செக் புத்தகக் கட்டணமும் எஸ்எம்எஸ் கட்டணமும் ஜிஎஸ்டியோடு 354. செக் ரிட்டர்ன் கட்டணம் 590. அப்புறம் 10,500 ரூபாய் பற்று ஒன்று.

அந்த 590ஐப் பார்த்ததுமே 10,500 என்னவென்று புரிந்துவிட்டது. ஒரு வீட்டுக்காரர் மூன்று மாதக் கட்டணத்துக்குக் கொடுத்த செக் நவம்பரில் ரிட்டர்ன் ஆகியிருக்கிறது. ஸ்டேட்மென்டில் அது 10,500 வரவு, இரண்டு நாள் கழித்து 10,500 பற்று என்று இரண்டு வரியாக வரும். வரவு வரிக்கு ரசீது இருக்கிறது, சந்தோஷமாக டிக் அடித்துவிடுவோம். பற்றுப் பக்கத்தையும் முழுவதும் பார்த்தால்தான் மாட்டும். வங்கி அனுப்பிய ரிட்டர்ன் மெமோ எங்கோ கோப்பில் செருகப்பட்டிருந்தது.

இதற்குப் பழைய ரசீதைக் கிழிக்கவோ அழிக்கவோ வேண்டாம். ரிட்டர்ன் ஆன தேதியில் கேஷ் புக்கில் 10,500 வங்கியிலிருந்து போனதாக எழுதி, அந்த வீட்டுக் கணக்கில் பாக்கியாக ஏற்றுங்கள். ரசீது நகலில் "செக் ரிட்டர்ன்" என்று தேதியோடு குறியுங்கள். 590ஐ அந்த வீட்டிடமே வாங்குவதென்று சங்கத்தின் விதியில் இருந்தால் பாக்கி 11,090 ஆகும். விதி இல்லையென்றால் அது சங்கச் செலவுதான். வருடக் கடைசியில் கண்டுபிடிப்பதன் நஷ்டம் இன்னொன்றும் உண்டு: ரிட்டர்ன் ஆன தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பினால்தான் செக் மோசடி வழக்கு என்ற வழி திறந்திருக்கும். இங்கே அது எப்போதோ மூடிவிட்டது.

கேஷ் புக்கில் மட்டும் மிஞ்சியவை

இப்போது கேஷ் புக்கில் டிக் இல்லாமல் நிற்பவை நான்கு. லிஃப்ட் பராமரிப்புக்கு மார்ச் 27 அன்று கொடுத்த 18,500, காவலாளி ஏஜென்சிக்கு மார்ச் 29 அன்று கொடுத்த 32,000, தோட்டக்காரருக்குச் செப்டம்பரில் கொடுத்த 2,500. வரவுப் பக்கம் 14,000க்கு ஒரு செக்.

14,000 செக் மார்ச் 29 சனிக்கிழமை சாயங்காலம் வங்கியின் டிராப் பாக்ஸில் போடப்பட்டது. 30 ஞாயிறு, 31 ரம்ஜான், ஏப்ரல் 1 வங்கிகள் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள். ஏப்ரல் 3 அன்று வரவாகியிருந்தது. நம்பத்தகுந்த தாமதம். ஆனால் 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி செக் கிளியரிங்கை அன்றன்றே முடியும்படி மாற்றிவிட்டது. இனிமேல் வேலை நாளில் போட்ட செக் ஒரு வாரமாக வரவாகவில்லை என்று யாராவது சொன்னால், செக் வங்கிக்குப் போனதா என்றே கேட்க வேண்டும்.

18,500ம் 32,000ம் ஏப்ரல் முதல் வாரத்தில் பாஸாகியிருந்தன. ஏப்ரல் ஸ்டேட்மென்டை எடுக்கச் சொன்னது இதற்குத்தான். மார்ச் 31 தேதியிட்ட பத்து செக்குகள் மே மாதம் வரை பாஸாகாமல் இருந்தால், இந்த வருடச் செலவில் காட்டுவதற்காக எழுதி டிராயரில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

செப்டம்பர் செக் வேறு கதை. செக்கின் ஆயுள் அதிலுள்ள தேதியிலிருந்து மூன்று மாதம். 2012 ஏப்ரல் முதல் அப்படி. ஆக டிசம்பரிலேயே அது வெறும் தாள். "பாஸாகாத செக்" பட்டியலில் அதற்கு இடமில்லை. கேஷ் புக்கில் 2,500ஐ வங்கிக்குத் திரும்ப வரவு வைத்து, தோட்டக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி என்று பொறுப்பில் எழுத வேண்டும்.

பட்டியல் போடுவது

பலர் ஒரே நீளப் பட்டியலாகப் போடுவார்கள். நான் இரண்டு பாகமாகப் பிரிப்பேன். முதல் பாகத்தில் வருவதெல்லாம் கேஷ் புக்கில் பதிவு போட்டுத் திருத்த வேண்டியவை. இரண்டாம் பாகத்தில் வருவன வெறும் காலதாமதம், அவற்றுக்கு எந்தப் பதிவும் கிடையாது.

| முதல் பாகம் | ரூபாய் |
|---|---|
| கேஷ் புக்படி வங்கி இருப்பு, 31.3.2025 | 2,84,350 |
| கூட்டு: சேமிப்புக் கணக்கு வட்டி | 2,140 |
| கூட்டு: ரசீது போடாத யுபிஐ வரவு | 7,000 |
| கூட்டு: காலாவதியான செக் | 2,500 |
| கழி: ரிட்டர்ன் ஆன செக் | 10,500 |
| கழி: ரிட்டர்ன் கட்டணம் | 590 |
| கழி: வங்கிக் கட்டணங்கள் | 354 |
| கழி: 4,650ஐ 4,560 என்று எழுதியது | 90 |
| திருத்திய கேஷ் புக் இருப்பு | 2,84,456 |

| இரண்டாம் பாகம் | ரூபாய் |
|---|---|
| திருத்திய கேஷ் புக் இருப்பு | 2,84,456 |
| கூட்டு: பாஸாகாத செக்குகள் (18,500 + 32,000) | 50,500 |
| கழி: வரவாகாத செக் | 14,000 |
| ஸ்டேட்மென்ட்படி இருப்பு | 3,20,956 |

ஏழு திருத்தம் செய்தும் கேஷ் புக் இருப்பு மாறியது 106 ரூபாய்தான். இருப்பு ஏறக்குறையச் சரியாக இருக்கிறது என்பது கணக்கு சரியாக இருக்கிறது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆண்டுக் கணக்கின் இருப்புநிலைக் குறிப்பில் போக வேண்டிய எண் 2,84,456, ஸ்டேட்மென்டில் உள்ள 3,20,956 அல்ல. இதில் குழம்பி வங்கி எண்ணையே எழுதிய கணக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வைப்புத் தொகை இருந்தால்

சேமிப்புக் கணக்கிலிருந்து வைப்புத் தொகைக்குப் போனது செலவல்ல, முதிர்ந்து வந்ததில் அசலும் வருமானமல்ல. வட்டியில் மட்டும் கவனம் வேண்டும். வருட வட்டி 60,000, வங்கி 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்து 54,000 வரவு வைத்திருந்தால், கணக்கில் வருமானம் 60,000, வரவேண்டிய டிடிஎஸ் 6,000. வட்டி அசலோடு சேரும் திட்டம் என்றால் சேமிப்புக் கணக்கு ஸ்டேட்மென்டில் ஒரு வரிகூட வராது, ஆனால் டிடிஎஸ் வருடாவருடம் பிடிக்கப்படும். வருமான வரித் தளத்தில் `26AS` படிவத்தைத் திறந்து வங்கி காட்டியிருக்கும் வட்டியோடு ஒப்பிடாமல் இந்தப் பகுதியை மூட வேண்டாம். சங்கத்தின் பான் எண் வங்கியில் பதிவாகவில்லை என்றால் 20 சதவீதம் பிடித்திருப்பார்கள், அதுவும் அங்கே தெரிந்துவிடும்.

கோப்பில் வைக்க வேண்டியது

பட்டியலில் பொருளாளரும் செயலாளரும் கையெழுத்திட்டு, மார்ச் 31 இருப்புக்கு வங்கியிடம் வாங்கிய சான்றிதழையும் ஏப்ரல் ஸ்டேட்மென்டில் அந்தச் செக்குகள் பாஸான பக்கத்தையும் பின்னால் வையுங்கள். அடுத்த வருடம் உட்காருபவர் இதிலிருந்துதான் தொடங்குவார்.

தோட்டக்காரர் செக்கைச் சட்டைப் பையில் வைத்துத் துவைத்துவிட்டதாகச் சொன்னார். ஏப்ரலில் அவருக்குப் புதுச் செக் கொடுத்தார்கள். அந்த வவுச்சரைப் பொருளாளர் முதலில் "தோட்டப் பராமரிப்புச் செலவு" என்று எழுதினார். அந்தச் செலவு போன வருடக் கணக்கில் ஏற்கெனவே ஏறிவிட்டது என்று சொல்லி, "கொடுக்க வேண்டிய பாக்கி" என்று மாற்றி எழுதச் சொன்னேன்.